மெழுகிட்ட ஆப்பிளும் மினுக்கிய வெள்ளரியும்

ஆப்பிளின் தோலைக் கத்தியால் மெல்லச் சுரண்டிப் பார்த்து, அதன் ஓரத்தில் வெண்மையாகத் திரண்டு நிற்கும் பொருளைக் கண்டு, "ஐயோ, இத்தனை மெழுகையா குழந்தைகளுக்குத் தின்னக் கொடுத்தோம்!" என்று திடுக்கிட்டுப் போகாத வீடுகள் இன்று சொற்பம். சுரண்டிப் பார்ப்பதில் தவறு ஒன்றுமில்லை. நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையம் பொதுமக்களுக்கென்று சொல்லிக் கொடுத்திருக்கும் எளிய பரீட்சைகளில் இதுவும் ஒன்று. ஆனால் அந்தப் பரீட்சை எதை நிரூபிக்கிறது, எதை நிரூபிக்கவில்லை என்பதை முதலில் தெளிந்துகொள்ளாவிட்டால், பயப்பட வேண்டாத இடத்தில் பயந்து, கவனிக்க வேண்டிய இடத்தில் அசட்டையாக இருந்துவிடும் விபரீதம் நேரும். தோலின் மேல் மெழுகு இருக்கிறது என்பதைக் கத்தி காட்டிவிடும். அந்த மெழுகைப் பூசியவர் யார் என்பதை அது ஒருநாளும் சொல்லாது.

ஏனெனில், மனிதன் கைவைப்பதற்கு முன்பே ஆப்பிள் மெழுகிட்ட பழம். மரத்தில் காய்த்துத் தொங்கும்போதே அதன் தோல் தனக்கு வேண்டிய மெழுகைத் தானே சுரந்து, மேலே மெல்லிய போர்வையாகப் பரப்பிக்கொள்கிறது. மழைநீர் ஒட்டாமல் வழிந்தோடவும், உள்ளிருக்கும் ஈரம் வெயிலில் ஆவியாகிவிடாமல் நிற்கவும், பூஞ்சைக் கிருமிகள் எளிதில் உட்புகாமல் இருக்கவும் இயற்கை செய்துவைத்த ஏற்பாடு அது. பறித்த ஆப்பிளின் மேல் சாம்பல் பூத்தாற்போல் தெரியும் மங்கலான படிவு இந்த மெழுகுதான். அதைப் பருத்தித் துணியால் அழுத்தித் துடைத்தால், வெளியிலிருந்து ஒரு துளியும் சேர்க்காமலேயே, பழம் கண்ணாடிபோல் பளபளக்கத் தொடங்கும். சில பழக்கடைகளில் காலையில் கடை விரித்ததும் ஒரு பையன் உட்கார்ந்து பழங்களை ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பளபளப்பில் பெரும்பகுதி துணியின் உபகாரமே.

இன்னொரு சந்தேகத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். வாங்கிவந்து சில நாட்கள் வைத்திருந்த ஆப்பிளைத் தொட்டால் கையில் எண்ணெய்ப் பிசுக்குப்போல் ஒட்டுகிறதே, அது கடைக்காரர் தடவிய எண்ணெய் அல்லவா என்று கேட்பவர்கள் உண்டு. பெரும்பாலும் அல்ல. சில ஜாதி ஆப்பிள்கள், விசேஷமாகப் பச்சை நிறத்துக் கிரானி ஸ்மித்தும் அதைப் போன்ற வேறு சிலவும், பழுத்து முதிர முதிரத் தங்கள் மெழுகோடு திரவநிலையிலுள்ள சில கொழுப்புப் பொருள்களையும் சேர்த்துச் சுரக்கின்றன. பிசுபிசுப்பு அதனால் வருவது. அது விஷத்தின் அறிகுறி அன்று. பழம் தன் உச்சப் பருவத்தைக் கடந்துகொண்டிருக்கிறது, உடனே தின்றுவிடுங்கள் என்பதற்கான அறிகுறி.

இயற்கையே மெழுகிட்டுக் கொடுத்திருக்க, மனிதன் மறுபடி ஏன் பூசுகிறான் என்ற கேள்வி நியாயமானது. வாஷிங்டன் மாகாணத்திலோ சிலி தேசத்திலோ பறித்த பழம், நம் ஊர்க் கடைக்கு வருமுன் அங்குள்ள பழக்கிடங்கில் தண்ணீர்த் தொட்டிகளில் மிதந்து, சுழலும் தூரிகைகளுக்கிடையே உருண்டு, மண்ணும் தூசியும் மருந்தும் போகக் கழுவப்படுகிறது. அந்தக் கழுவலில் அழுக்கோடு இயற்கை மெழுகிலும் ஏறக்குறையப் பாதி போய்விடும். ஆப்பிளின் எடையில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்கு தண்ணீர். காப்பு இழந்த தோல் வழியே அந்த ஈரம் கசிந்து வெளியேறினால், கப்பலிலும் குளிர்கிடங்கிலும் வாரக்கணக்கில் கிடக்கும் பழம் சுருங்கி, தோல் தொய்ந்து, கிழவியின் கன்னம்போல் ஆகிவிடும். ஆகவே இழந்ததை ஈடுசெய்யும்பொருட்டு, மெழுகைத் தண்ணீரில் பாலாகக் கலந்து, பழத்துக்கு ஒன்றிரண்டு துளி வீதம் தெளித்து, தூரிகையால் பரப்பி, வெப்பக் காற்றில் உலர்த்தி அனுப்புகிறார்கள். பார்வைக்கு அழகு சேர்ப்பதும் அவர்களுடைய நோக்கங்களில் ஒன்று என்பதை மறைப்பதற்கில்லை. சிவந்த டெலிஷியஸ் ரகத்தின் நகைக்கடைப் பளபளப்பு வியாபாரத்துக்காகவே என்பது என் அபிப்பிராயம்.

அப்படிப் பூசும் பொருள்கள் நமக்கு முற்றிலும் அந்நியமானவை அல்ல. ஒன்று அரக்கு. பலாச மரத்திலும் இலந்தையிலும் கூட்டம் கூட்டமாக ஒட்டி வாழும் சிறு பூச்சிகள் சுரக்கும் பிசினை உரித்து, உருக்கி, சுத்தம்செய்து, மெல்லிய தகடுகளாக நொறுக்கி எடுப்பதற்கு அவலரக்கு என்று பெயர்; தச்சர்கள் ஸ்பிரிட்டில் கரைத்து மர சாமான்களுக்கு மெருகேற்றுகிறார்களே, அதே சரக்கைத்தான் இன்னும் சுத்தப்படுத்தி மாத்திரைகளுக்கும் மிட்டாய்களுக்கும் பழங்களுக்கும் மேற்பூச்சாக உபயோகிக்கிறார்கள். இரண்டாவது, கார்னோபா மெழுகு. பிரேசில் நாட்டின் வறண்ட வடகிழக்குப் பகுதியில் வளரும் ஒருவகைப் பனையின் ஓலைகளை உலர்த்தி அடித்து உதிர்க்கும் பொடியிலிருந்து எடுப்பது. மூன்றாவது, நாம் அறிந்த தேன்மெழுகு. நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிகள் புதிய பழங்களுக்கு இந்த மூன்றையும் அனுமதித்து, பெட்டியின்மேல் மெழுகு பூசப்பட்டது என்பதையும், எந்த மெழுகு என்பதையும் அச்சிட வேண்டும் என்று கட்டளையிடுகின்றன. மண்ணெண்ணெய்க் குடும்பத்தைச் சேர்ந்த கனிம எண்ணெய்க்கும் சாயங்களுக்கும் அங்கே இடமில்லை. சில்லறைக் கடையில் பழத்தைப் பெட்டியிலிருந்து கொட்டி விற்றுவிடுவதால் அந்த அறிவிப்பு நம் கண்ணில் படுவது அபூர்வம். சந்தேகமுள்ளவர் கடைக்காரரிடம் காலிப் பெட்டியைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம், பெரும்பாலும் அது கல்லாவுக்குப் பின்னாலேயே கிடக்கும். பெயருக்குப் பதிலாக எண் மட்டும் இருந்தால், 901 தேன்மெழுகு, 903 கார்னோபா, 904 அவலரக்கு என்று கொள்ள வேண்டும்.

இனி, இவை தேகத்துக்குக் கெடுதியா என்ற பிரதான விஷயத்துக்கு வருவோம். கார்னோபா மெழுகையும் தேன்மெழுகையும் நம் குடல் பெரும்பாலும் ஜீரணிப்பதில்லை; வந்தபடியே வெளியேறிவிடும். உலக சுகாதார நிறுவனமும் ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனமும் கூட்டாக அமைத்த நிபுணர் குழு, கார்னோபா மெழுகை ஒருவர் தம் உடல் எடையில் கிலோவுக்கு 7 மில்லிகிராம் வரை தினந்தோறும், ஆயுள் முழுவதும் உட்கொண்டாலும் தீங்கில்லை என்று வரையறுத்திருக்கிறது. 50 கிலோ எடையுள்ள ஒருவருக்கு அது நாளொன்றுக்கு 350 மில்லிகிராம் ஆகிறது. ஒரு பவுண்டு மெழுகு ஏறத்தாழ 1,60,000 பழங்களுக்குக் காணும் என்று அமெரிக்க ஆப்பிள் வியாபார வட்டாரத்தில் சொல்வார்கள். அதன்படி பழத்துக்கு 3 மில்லிகிராம்கூட இல்லை. வியாபாரிகளின் கணக்கை அப்படியே நம்ப மனமில்லாதவர், உண்மையில் அதைப்போல் பத்து மடங்கு பூசியிருப்பதாகவே வைத்துக்கொள்ளலாம். அப்போதும் அந்த வரம்பை எட்ட ஒரு நாளில் பன்னிரண்டு ஆப்பிளையாவது தோலோடு தின்றாக வேண்டும். அப்படித் தின்பவருக்கு மெழுகினால் அல்ல, வேறு காரணங்களால் வயிறு முறையிடும்.

ஆகவே அனுமதிக்கப்பட்ட மெழுகைக் கண்டு அஞ்சுவதற்கு முகாந்தரமில்லை. ஆனால் அதோடு விஷயம் முடிந்துவிடவில்லை. மெழுகின் பெயரைச் சொல்லி உள்ளே வரக்கூடிய வேறு சில பொருள்களைப் பற்றித்தான் கவலை கொள்ள வேண்டும்.

அவற்றுள் ஒன்று, மெழுகைத் தண்ணீரோடு கலக்க உதவும் இடைப்பொருள். மெழுகு இயல்பாகத் தண்ணீரில் கலவாது. அதைப் பாலாக்க ஏதேனும் ஒரு காரப்பொருள் வேண்டும். அமெரிக்காவில் இதற்கு மார்ஃபோலின் என்னும் ரசாயனத்தை அனுமதித்திருக்கிறார்கள். ஐரோப்பாவில் அதற்கு அனுமதி இல்லை. 2010-ஆம் ஆண்டு சிலியிலிருந்து பிரிட்டனுக்குப் போன ஆப்பிள்களில் அது இருப்பது கண்டறியப்பட்டு, அனுமதியற்ற பொருள் என்ற காரணத்தால் அங்கே பிரச்சினையாயிற்று. அந்த அளவினால் மக்களுக்குப் பெரிய ஆபத்து இல்லை என்றே அந்நாட்டு உணவு அதிகாரிகள் சொன்னார்கள். எனினும் அது வேறு சில பொருள்களோடு சேர்ந்து புற்றுநோய்க்கு ஏதுவான ஒரு சேர்மமாக மாறக்கூடும் என்பதே ஐரோப்பியர் அதை ஒதுக்கிவைத்ததற்குக் காரணம்.

இரண்டாவது, மெழுகுக்குக் கீழேயும் மெழுகோடு கலந்தும் இருக்கும் பூச்சிமருந்துகளும் பூஞ்சைக்கொல்லிகளும். மாதக்கணக்கில் சேமிக்கும் பழம் அழுகாமலிருக்கப் பறித்தபின் பூஞ்சைக்கொல்லியில் நனைப்பதும், சில இடங்களில் அதை மெழுகிலேயே கலந்துவிடுவதும் உண்டு. வெறுந்தண்ணீரில் கழுவினால் மெழுகு அவற்றின்மேல் குடைபிடித்து நிற்கும். மெழுகை அகற்ற வேண்டும் என்பதற்கு உள்ள வலுவான காரணம் இதுதான். மெழுகின் குற்றம் அதில் குறைவு, அதற்கு அடியில் ஒளிந்திருப்பதன் குற்றமே அதிகம்.

மூன்றாவது, உணவுக்கு ஆகாத மெழுகு. பழைய சரக்கைப் புதிது போல் காட்டும்பொருட்டு, யாரோ ஓர் இடைத்தரகர் மெழுகுவர்த்தி மெழுகையோ வாசனையற்ற கனிம எண்ணெயையோ தடவிவிடுவது இதில் சேரும். கிடங்கில் இயந்திரம் பூசியது காகிதத்தைக் காட்டிலும் மிக மெல்லியதாய், நகத்தால் கீறினால் பொடிப் பொடியாக உதிரும். கையால் தடவிய பாரஃபின் தடித்துச் சுருள் சுருளாக வரும், இரு விரல்களுக்கிடையே உருட்டினால் உடற்சூட்டிலேயே இளகி உருண்டையாகும், காம்புக் குழியில் திட்டாக உறைந்து நிற்கும். பழத்தின் நிறமும் தோலின் நிலையும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல், மேலே பளபளப்பும் அமுக்கினால் தளர்ச்சியுமாக இருந்தால், அந்தப் பழத்தை அங்கேயே வைத்துவிட்டு வருவது நல்லது. கழுவிச் சரிப்படுத்தலாம் என்று வாங்கிவருவது வீண் பிரயாசை.

நான்காவதாகச் சொல்ல வேண்டியது ஆரோக்கியத்தைப் பற்றியதல்ல, ஆசாரத்தைப் பற்றியது. அரக்கு பூச்சியின் சுரப்பு. அதைச் சேகரிக்கும்போது எண்ணற்ற பூச்சிகள் மாண்டுபோகின்றன. ஜைனர்களும் கடுமையான சைவ நியமமுடையவர்களும் இதை அறிந்திருப்பது நலம். அவர்கள் பெட்டியில் 903 என்றிருப்பதைத் தேர்ந்தெடுக்கலாம், அல்லது தோலைச் சீவிவிடலாம்.

மெழுகை அகற்றும் முறைகளில் வீட்டுக்கு வீடு சிபாரிசு செய்யப்படுவது வினிகர். அதன்மேல் மக்களுக்குள்ள நம்பிக்கை எனக்கு வியப்பளிக்கிறது. ஏனென்றால் மேற்சொன்ன மூன்று மெழுகுகளில் ஒன்றைக்கூட வினிகர் கரைக்காது. கார்னோபாவும் தேன்மெழுகும் எண்ணெய்த்தன்மையுள்ளவை, தண்ணீரில் கலந்த புளிப்பு அவற்றைத் தீண்டாது. அவலரக்கோ தானே ஓர் அமிலச் சரக்கு. காரத்தில் கரைவது அதன் சுபாவம், புளிப்பில் அது முன்னிலும் கெட்டிப்பட்டு நிற்கும். வினிகர் தண்ணீரில் ஊறவைத்துத் துடைத்த பழம் சுத்தமாகத் தோன்றுவதற்குக் காரணம் துடைத்த கைதான். கிருமிகளைக் குறைக்க வினிகருக்குச் சிறிது சக்தி உண்டு. அதற்காக வேண்டுமானால் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை செய்வது மூன்று: இளஞ்சூடு, மென்காரம், உராய்வு. நம் அடுக்களையில் உள்ள மென்காரம் ஆப்பசோடா. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம், அதாவது தலைதட்டிய இரண்டு சிறு கரண்டி, போதும். 2017-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தார் காலா ரக ஆப்பிள்களின்மேல் தயாபெண்டசோல் என்ற பூஞ்சைக்கொல்லியையும் ஃபாஸ்மெட் என்ற பூச்சிமருந்தையும் தடவி, ஒரு நாள் விட்டு, பல விதமாகக் கழுவிப் பார்த்தார்கள். வெறுந்தண்ணீரையும், கிடங்குகளில் உபயோகிக்கும் வெளுப்புநீரையும் காட்டிலும் இந்த அளவுச் சோடாக் கரைசலே நன்றாக வேலைசெய்தது. தோலின் மேற்புறத்திலிருந்த மருந்து முழுவதும் நீங்க, பூஞ்சைக்கொல்லிக்கு 12 நிமிஷமும் பூச்சிமருந்துக்கு 15 நிமிஷமும் பிடித்தன. ஆனால் பூஞ்சைக்கொல்லியில் ஐந்தில் ஒரு பங்கு அதற்குள் தோலுக்கு உள்ளேயே இறங்கிவிட்டிருந்தது. அதை எந்தக் கழுவலும் எடுக்கவில்லை. கழுவுதலின் சக்தி எங்கே முடிகிறது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

இப்பொழுது ஒரு பழத்தைக் கையில் எடுத்துக்கொள்வோம். வாஷிங்டன் டெலிஷியஸ், அவலரக்குப் பூசியது, குளிர்பெட்டியிலிருந்து வெளியே வந்தது. வந்த சில நிமிஷங்களில் அதன்மேல் வியர்வைபோல் நீர் அரும்புவதையும், அது காய்ந்ததும் அங்கங்கே பால் தெளித்தாற்போல் வெண்திட்டுகள் தோன்றுவதையும் காணலாம். மருந்து வெளிப்பட்டுவிட்டது என்று இதைக் கண்டு கலங்குபவர்கள் பலர். குளிர்ந்த அரக்குப் பூச்சுக்குள் ஈரம் புகுந்து அதன் தெளிவைக் கெடுத்தது தவிர அங்கே வேறொன்றும் நடக்கவில்லை. ஈரமான டம்ளர் வைத்த பழைய மேஜையில் வெள்ளை வளையம் விழுவதும் இதே காரியத்தால்தான். உண்மையில் இது நமக்கு அனுகூலமான குறி: பூசியது அரக்கு, சோடாவுக்கு அது இணங்கும் என்று தெரிகிறது.

ஒரு பாத்திரத்தில் கை பொறுக்கும் சூட்டுக்குச் சற்றுக் குறைவான வெந்நீர் ஒரு லிட்டர் எடுத்து, சோடாவைக் கரைத்து, பழத்தை அமிழ்த்துங்கள். தண்ணீர் பழத்தைவிடக் குளிர்ச்சியாக இருக்கக் கூடாது. சூடான பழத்தைக் குளிர்ந்த நீரில் போட்டால், உள்ளிருக்கும் காற்றுச் சுருங்கி, அடிப்புறத்துப் பூக்குழி வழியே அழுக்குநீரை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். ஆப்பிள் மிதக்கும் பழமாதலால் ஒரு தட்டைக் கவிழ்த்து அழுத்திவைக்க வேண்டும், இல்லாவிட்டால் மேற்பாதி காய்ந்தபடியே இருக்கும். கால் மணி நேரம் கழித்து எடுத்தால் தோல் சற்று வழுவழுப்பாகக் கையில் நழுவும். இளகிய அரக்கு அது. அந்தத் தருணத்தில் தேய்ப்பதே காரியம். முரட்டுப் பருத்தித் துணியாலோ மென்மையான தூரிகையாலோ பழத்தைச் சுழற்றிச் சுழற்றி அரை நிமிஷமாவது தேய்த்து, காம்புக் குழியிலும் பூக்குழியிலும் தூரிகையின் நுனியைச் செலுத்தி, ஓடும் தண்ணீரில் அலசுங்கள். மெழுகும் அழுக்கும் மிகுதியாகத் தேங்குவது அந்த இரண்டு குழிகளில்தான்; அவசரக்காரர்கள் தவறாமல் விட்டுவிடுவதும் அவற்றைத்தான். துடைத்து உலர்த்திப் பார்த்தால் கண்ணாடி மினுக்கம் போய், மந்தமான, இயல்பான ஒளி எஞ்சியிருக்கும். அதையும் போக்கிவிட வேண்டும் என்று மறுபடி முயலாதீர்கள். அது ஆப்பிளின் சொந்த மெழுகு.

வேறொரு பழத்தில் இத்தனை செய்தும் மினுக்கம் சற்றும் மாறவில்லையென்றால், பூசியது கார்னோபா என்று ஊகிக்கலாம். அது உருகுவதற்கு 82 டிகிரிக்கு மேல் உஷ்ணம் வேண்டும். ஆகையால் கைச்சூட்டு வெந்நீர் அதனிடம் பலிக்காது. தண்ணீரைக் கொதிக்கவைத்து அடுப்பிலிருந்து இறக்கி, ஜல்லிக் கரண்டியில் பழத்தை ஏந்தி, பத்து எண்ணும்வரை முக்கி எடுத்து, அந்தக் கணமே துணியால் அழுத்தித் துடைக்க வேண்டும். துடைக்கத் தாமதித்தால் உருகிய மெழுகு அங்கேயே உறைந்து வெண்கோடுகளாகப் படியும். பலர் இந்த முறையில் தோற்பது இந்த ஒரு சிறு தாமதத்தால். அதிக நேரம் முக்கினாலோ தோல் பழுப்பேறி, அதன் அடியிலுள்ள சதை வெந்துவிடும். ஒருமுறைக்கு ஒரு பழம் என்று செய்வதே உத்தமம். பாத்திரம் துலக்கும் சோப்பை மட்டும் பழத்தின் பக்கம் கொண்டுவர வேண்டாம். பழத்தோலில் நுண்துளைகள் உண்டு, சோப்பு அங்கே தங்கிவிடும், அதைத் தின்பதற்கு மெழுகைத் தின்பதே மேல்.

எந்த முறையானாலும் தின்பதற்குச் சற்று முன்பு செய்ய வேண்டிய காரியம் இது. மாதச் சாமான் வாங்கிவந்த அன்றே எல்லாப் பழங்களையும் கழுவி அடுக்கிவிடும் சுறுசுறுப்பு இங்கே உதவாது. காப்பு நீங்கிய பழம் சில நாட்களிலேயே வாடிச் சுருங்கும், மிஞ்சிய ஈரத்தில் பூஞ்சையும் பிடிக்கும்.

இதற்கெல்லாம் பதிலாகத் தோலைச் சீவிவிடலாமே என்றால், தாராளமாகச் சீவலாம். மெழுகு, மேலிருக்கும் மருந்து, தோலில் இறங்கிய மருந்தில் பெரும்பகுதி எல்லாம் ஒரே வீச்சில் போய்விடும். நார்ச்சத்தில் ஒரு கணிசமான பங்கும், நிறத்துக்குரிய நற்பொருள்களும் அதோடு போகும் என்பதுதான் நஷ்டம். சிறு குழந்தைகளுக்கும், மெழுகின் தன்மை சந்தேகமாயிருக்கும் பழத்துக்கும் சீவுவதையே நான் சொல்வேன். மற்றபடி காஷ்மீரிலிருந்தும் ஹிமாசலத்திலிருந்தும் பருவகாலத்தில் சாம்பல் பூத்த தோலோடு வரும் பழத்தைச் சோடாவில் கழுவித் தோலோடு தின்பதுதான் சுவையும்.

வெள்ளரிக்காயின் கதை வேறு. நம் ஊரில் பேருந்து நிலையத்தில் கீறி உப்பும் மிளகாய்ப்பொடியும் தடவி விற்கும் பிஞ்சுக்கு மெழுகிடுவதற்கு எவருக்கும் நேரமுமில்லை, அவசியமுமில்லை. காலையில் பறித்தது மாலைக்குள் விற்றுவிடும். மெழுகிடும் வழக்கம் மேல்நாடுகளில், தொலைதூரம் அனுப்பும் கரும்பச்சைக் காய்களுக்கே உரியது. நீளமான விலாயதி வெள்ளரியை அங்கும் மெழுகிடாமல் ஒட்டுறையில் இறுகச் சுற்றி அனுப்புகிறார்கள். நம் நகரங்களின் பெரிய கடைகளில் உறையோடு கிடைப்பதும் அதுவே. ஊறுகாய்க்கான காய்க்கு எந்த நாட்டிலும் மெழுகு பூசமாட்டார்கள், பூசினால் உப்புநீர் உள்ளே இறங்காது. 

வெள்ளரியின் மேல் இயற்கையாகப் படியும் வெண்பொடியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். புதுக்காயின் தோலில் மாவு தூவியதுபோல் தெரியும் அது பெரும்பாலும் மணலின் மூலப்பொருளாகிய சிலிக்கா. செடி மண்ணிலிருந்து உறிஞ்சித் தோலில் கொண்டுவந்து வைப்பது. ஜப்பானில் வாங்குவோர் அதை மருந்துப் பொடி என்று எண்ணி ஒதுக்கியதால், அங்குள்ள விவசாயிகள் அந்தப் பொடியே படியாதவாறு வெள்ளரியைத் தனிவகைப் பூசணி வேரில் ஒட்டுக்கட்டிப் பளபளப்பான காய்களை விளைவிக்கத் தொடங்கினார்கள். அங்கே மக்கள் பளபளப்பை நம்பிப் பொடிக்கு அஞ்சினார்கள். இங்கே நாம் பளபளப்புக்கு அஞ்சிப் பொடியையும் நம்புவதில்லை.

நம் சந்தையில் வெள்ளரிக்கு நேரக்கூடிய உண்மையான கேடு மெழுகன்று, எண்ணெயும் சாயமுமே. வாடிய காயில் கனிம எண்ணெயைத் தொட்டுத் தடவினால் ஒரு பொழுதுக்குப் புதுமை வந்துவிடும். அதை அறிய, காயை ஒரு வெள்ளைக் காகிதத்தில் அழுத்தி உருட்டி, காகிதத்தை வெயிலில் காயவிடுங்கள். தண்ணீரின் கறை காய்ந்து மறையும், எண்ணெயின் கறை கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் திட்டாக நின்றுவிடும். சாயத்துக்கு, ஒரு பஞ்சைத் தண்ணீரிலும் இன்னொன்றைச் சமையலெண்ணெயிலும் நனைத்துத் தோலில் தேய்த்துப் பார்க்க வேண்டும். எதிலேனும் பச்சை ஏறினால் அது மாலகைட் பச்சை என்னும் துணிச்சாயமாக இருக்கலாம். அந்தக் காயைக் கழுவவோ சீவவோ முயலாமல் எறிந்துவிடுங்கள்.

நல்ல காய்க்கு இளஞ்சூடான தண்ணீரும் தூரிகையும் போதும். சோடாவில் ஊறவைப்பதானால் சில நிமிஷங்களோடு நிறுத்திக்கொள்ளலாம், ஆப்பிளின் தோலைப்போல் இதன் தோல் நெடுநேர ஊறலைத் தாங்காது. கொதிநீரை அதனருகே கொண்டுவரவே கூடாது. மெழுகிட்டது என்று நிச்சயமாகத் தெரிந்தால் சீவிவிடுவதுதான் வெள்ளரிக்கு ஏற்ற எளிய மார்க்கம், ஏனெனில் கசப்பு இருந்தால் அதுவும் தோலடியிலும் காம்பு நுனியிலுமே கூடியிருக்கும். சீவாமல் வைக்கும் காயைக் கழுவாமலே ஒரு துணியில் சுற்றி, குளிர்பெட்டியின் அதிகக் குளிரில்லாத இடத்தில் வையுங்கள். 10 டிகிரிக்குக் கீழே சில நாட்கள் கிடந்தால் வெள்ளரியின் தோலில் நீர்கோத்த குழிகள் விழுந்துவிடும், அதைப் பூச்சின் குற்றம் என்று எண்ணிவிட வேண்டாம்.